முக்கால் இஞ்ச் ஏப்ரல் மூன்றான கதை

கடைத்தெருவில் அவருக்கு ஆடிட்டரம்மா என்று பெயர். ஆடிட்டர் பரீட்சை எதையும் அவர் எழுதியதில்லை. எழுதியிருந்தால், கேள்வித்தாளில் இருக்கும் தப்புகளை முதலில் திருத்திவிட்டுத்தான் விடை எழுத ஆரம்பித்திருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அச்சகத்தில் ஆறு வருஷம் பிழை திருத்தும் வேலை பார்த்தவர். அந்த வேலை போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. கண் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை. மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துத் தப்பு கண்டுபிடித்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

கணவருடையது ஹார்டுவேர் கடை. பத்தடி அகலம், முப்பதடி நீளம். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள். திருகாணி, கீல், தாழ்ப்பாள், குழாய் மூட்டு என்று ஆயிரத்து இருநூற்று நாற்பது வகைச் சாமான். எது எந்த இழுப்பறையில் என்பது கணவருக்குத் தெரியும். அதில் எத்தனை பாக்கி இருக்கிறது என்பது ஆடிட்டரம்மாவுக்குத் தெரியும். இந்த வேலைப் பிரிவினையால்தான் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுகிறது என்று கணவர் எல்லோரிடமும் சொல்வார்.

அந்தக் கடைக்கு ஓர் அடி விழுந்தது. அதற்கு மட்டுமல்ல, தெருவில் பாதிக் கடைகளுக்கு. எல்லோரும் வருஷாவருஷம் சந்தா கட்டி ஒரு மலிவான கணக்கு மென்பொருளை வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் கணினியைத் திறந்தால், உரிமத்தைப் புதுப்பிக்கவும் என்று ஒரே ஒரு பெட்டி வந்து நின்றது. பணத்தைக் கட்டத் தயார்தான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். உதவி எண்ணுக்கு அடித்தால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. நாலு வருஷத்துக் கணக்கும் சரக்குப் பட்டியலும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. அந்தக் கோப்பை வேறு எந்த மென்பொருளும் திறக்காது. ஆடிட்டரம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் பழையபடி கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தை எடுத்தார்.

வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். இனி ஆளுக்கொன்று வாங்கி ஏமாறுவதை விட, நாற்பது கடைக்கும் சேர்த்து ஒரே மென்பொருளாக வாங்கலாம், விலையும் குறையும் என்று முடிவாயிற்று. எதை வாங்குவது? சங்கச் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நிதானமான மனிதர், எதிரில் இருப்பவரைப் பார்த்தாலே இவருக்கு எத்தனை பவர் என்று யோசிப்பவர் போல இருக்கும். அவர் நேராக ஹார்டுவேர் கடைக்கு வந்தார்.

"அம்மா, மூணு மென்பொருள் வந்திருக்கு. மூணு பேரும் ஒரு மாசம் சும்மா பயன்படுத்திப் பார்க்கத் தர்றாங்க. நீங்க பார்த்து எழுதிக் கொடுங்க. எது சுலபம், கூப்பிட்டா ஆள் வர்றானா, நம்ம கணக்கை நாம வெளியே எடுத்துக்க முடியுமா, இந்த மூணுதான் எங்களுக்கு வேணும். நீங்க எதைச் சொல்றீங்களோ அதை வாங்கிடுவோம்."

"நான் எதுக்கு? படிச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே" என்றார் ஆடிட்டரம்மா. சொல்லும்போதே கை புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

சிக்கல் அன்று சாயங்காலம் வீட்டில் தெரிந்தது. மூன்றில் ஒன்று, கணவரின் தங்கை வேலை பார்க்கும் கம்பெனியுடையது. சின்னக் கம்பெனி. உதவிப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர். அதில் ஒருத்தி இந்த நாத்தனார். இவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, ஆறு மாதத்துக்குத் தற்காலிக வேலை. அதற்கு முன்பு ஒன்றரை வருஷம் வேலை இல்லாமல் வீட்டுக்குள்ளேயே சுருங்கிப் போயிருந்தவள், இந்த ஐந்து மாதத்தில்தான் பழையபடி படியில் தடதடவென்று இறங்கி வரப் பழகியிருந்தாள்.

"அண்ணி, எங்க முதலாளி சொல்லிட்டாரு. உங்க தெருவுல இருபது கடையாவது எங்க மென்பொருளை எடுத்தா என்னை நிரந்தரம் பண்ணிடுவாராம். இல்லைன்னா இந்த மாசத்தோட சரி, ஒரே ஆள் போதும்னு..."

"நிறுத்து" என்றார் ஆடிட்டரம்மா. "இதை நீ என்கிட்ட சொல்லியிருக்கவே கூடாது. இனிமே நான் எழுதி முடிக்கிற வரைக்கும் இந்த மென்பொருளைப் பத்தி என் முன்னாடி மூச்சு விடக் கூடாது. நல்லதும் சொல்லாதே, கெட்டதும் சொல்லாதே. சத்தியம் பண்ணு."

நாத்தனார் சத்தியம் பண்ணினாள். ஆடிட்டரம்மாவும் தனக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டார். நாத்தனார் அங்கே வேலை செய்கிறாள் என்பதைச் சங்கத்தில் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால், என்ன எழுதினாலும் சொந்தக்காரிக்குச் சாதகமாக எழுதியதாகத்தான் பேசுவார்கள். அந்த முடிவு எடுத்த கையோடு பெரிய நேர்மைசாலியான திருப்தியும் அவருக்கு வந்துவிட்டது.

மறுநாள் சோதனை ஆரம்பமாயிற்று. அறுபது வகைச் சாமானை விலைப் புத்தகத்திலிருந்து மூன்று மென்பொருளிலும் கையால் ஏற்றினார். பில் புத்தகத்தில் போன வாரம் போட்ட பில்களையே மூன்றிலும் திரும்பப் போட்டார். ஒரே வாரத்து வியாபாரம், மூன்று இடத்தில். எங்கே எத்தனை தட்டு தட்ட வேண்டியிருக்கிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டார்.

முதலாவது பெரிய கம்பெனியுடையது. அதற்கு ராட்சசன் என்று பெயர் வைத்தார். அதில் செய்ய முடியாத வேலையே கிடையாது. ஆனால் ஒரு டஜன் திருகாணியை விற்பதற்குள் எத்தனை கேள்வி! இது எந்தத் தலைப்பு, எந்தப் பிரிவு, எந்தக் கிடங்கு. "கிடங்கா? நம்ம கடையே ஒரு கிடங்கு சைஸ் இல்லையே" என்றார் கணவர். பழகினால் மவுஸைத் தொடாமல் பறக்கலாம் என்பதும் புரிந்தது. பழகுவதற்குள் வாடிக்கையாளர் பறந்துவிடுவார். உதவிக்கு அந்த ஊர் விற்பனையாளரைக் கூப்பிட வேண்டும். நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார். நாலாம் நாள் ஆள் வந்தார். வந்தவர் ஐந்தே நிமிடத்தில் சரி செய்துவிட்டுப் போனார்.

இரண்டாவது இணையத்தில் ஓடுவது. அதற்குப் பந்தாக்காரன் என்று பெயர். திரை முழுக்க வண்ண வண்ண வட்டங்கள். பில் போடுவது சுலபம்தான், இணையம் இருக்கும் வரைக்கும். ஒரு நாள் பதினொரு மணிக்கு இணையம் போயிற்று; ஒரு மணி வரை பில்லும் போயிற்று. உதவிக்கு மனிதக் குரலே கிடையாது, எழுத்தில்தான் பேச வேண்டும். "உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று அது நாற்பது நிமிடத்தில் ஒன்பது தடவை சொன்னது. அவ்வளவு முக்கியமான கேள்விக்குக் கடைசி வரை பதில் வரவில்லை. சரக்குப் பட்டியலை வெளியே எடுக்கப் போனால், அந்த வசதிக்கு மேல்நிலைச் சந்தா கட்டச் சொன்னது. வெறும் அச்சுப்பிரதி வடிவத்தில் மட்டும் இலவசமாம். அதை வாசிக்கலாம், வேறு மென்பொருளில் ஏற்ற முடியாது. "வாடகை வீட்டைக் காலி பண்றப்ப, உங்க கட்டில் பீரோவை ஃபோட்டோ எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று நோட்டில் எழுதினார்.

மூன்றாவது நாத்தனார் கம்பெனி. இதற்கு மட்டும் அவர் பட்டப்பெயர் வைக்கவில்லை. வேண்டுமென்றே மூன்றாவது என்றே எழுதினார்.

மூன்றாவது நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குத் தொந்தரவு. முதல் எழுத்தைத் தட்டியதும் சாமான் பெயர் வந்தது. பில் போட நாலு தட்டு. இணையம் இல்லாவிட்டாலும் ஓடியது. திரும்பி வந்த பெயிண்ட் டப்பாவை வரவு வைக்கும் இடம் மட்டும் மூன்று திரை தள்ளி எங்கேயோ ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது ஆடிட்டரம்மாவுக்கு அப்பாடா என்று இருந்தது. உதவியைச் சோதிக்க அவரே ஃபோனில் பேசினால் நாத்தனார் குரலை அடையாளம் கண்டுகொள்வாள் என்று கணவரைப் பேச வைத்தார். குரலை மாற்றிக்கொண்டு பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம், நான் ஒரு புது வாடிக்கையாளர்" என்றார்.

ஃபோன் மூன்று தடவை அடிப்பதற்குள் எடுத்திருந்த நாத்தனார், "வணக்கம் சார், சொல்லுங்க" என்றாள். சந்தேகத்தைப் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு திரையாக அழைத்துப் போய் விளக்கினாள். கடைசியில், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டு, அதே குரலில், "சளிக்கு ஆவி பிடிங்கண்ணா" என்று வைத்தாள். நாலு தடவை நாலு நேரத்தில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு தடவை இன்னொரு பையன் எடுத்தான். அவனும் அதே பொறுமை. உதவிக்குப் பத்துக்குப் பத்து போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கேதான் ஆடிட்டரம்மாவின் மனசு கோணிக்கொண்டது. ராட்சசனில் ஒரு குறை தெரிந்தால் சரி என்று எழுதிக்கொண்டவர், மூன்றாவதில் குறை தெரியாதபோது இன்னொரு தடவை தேடினார். இவ்வளவு நல்லது என்று எழுதினால் நாளைக்கு விஷயம் வெளியே வரும்போது என்ன சொல்வார்கள்? நாத்தனாருக்காக நாற்பது கடையின் தலையில் கட்டிவிட்டாள் என்பார்கள். ஒரு பெரிய தப்பு கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவது சரியில்லை என்று தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் அது கிடைத்தது.

கடைசிச் சோதனை, தரவை வெளியே எடுப்பது. ராட்சசனில் எந்தப் பட்டியலில் அந்த வசதி இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. ஆனால் அட்டவணைக் கோப்பாக வந்ததில் எல்லாம் சுத்தமாக இருந்தது. அடுத்து மூன்றாவது. ஒரே பொத்தான். சாமான், வாடிக்கையாளர், பில், பில்லின் ஒவ்வொரு வரி என்று தனித்தனியாக நாலு கோப்பு வந்து விழுந்தன. கமா போட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்புகள், எந்த மென்பொருளும் வாங்கிக்கொள்ளும் வகை. ஆடிட்டரம்மா சாமான் கோப்பின் மேல் இரண்டு தட்டு தட்டினார். எக்செல் திறந்தது.

அளவு என்ற பத்தியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

முக்கால் இஞ்ச் கீலுக்கு நேராக ஏப்ரல் மூன்று என்று இருந்தது. அரை இஞ்ச் குழாய் மூட்டுக்கு நேராக பிப்ரவரி ஒன்று. கால் இஞ்ச் போல்ட் ஏப்ரல் ஒன்று. சாமான் எண் 0045 என்பது வெறும் 45 ஆகியிருந்தது. பதிமூன்று இலக்கப் பட்டைக் குறியீடு, நடுவில் ஒரு புள்ளியும் E என்ற எழுத்துமாக உருமாறிக் கிடந்தது.

"என்னங்க, இங்க வாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கணவர் ஏணியிலிருந்து அவசரமாக இறங்கினார்.

"என்னாச்சு?"

"நம்ம கீல் எல்லாம் தேதியா மாறிடுச்சு."

கணவர் திரையைப் பார்த்தார். "அப்ப நாளைக்கு எவனாவது வந்து, பிப்ரவரி ஒண்ணாம் தேதி சைஸ்ல ரெண்டு மூட்டு குடுங்கன்னு கேப்பானா?"

ஆடிட்டரம்மா சிரிக்கவில்லை. கோப்பைச் சேமித்தார். சேமிக்கட்டுமா, சில விஷயங்கள் தொலைந்து போகலாம் என்று திரை என்னவோ கேட்டது. ஆம் என்று தட்டினார். நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். அச்சகத்தில் முழுப் பக்கத்தையும் சிவப்பாக்கிய நாட்களின் உற்சாகம் பேனாவில் ஏறிக்கொண்டது. "உள்ளே போன சரக்கு வேறு, வெளியே வரும் சரக்கு வேறு. முக்கால் இஞ்சுக்கும் ஏப்ரல் மாதத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மென்பொருளை நம்பி நாற்பது கடைகள் கணக்கு வைக்க முடியாது. தரவை வெளியே எடுப்பதற்குப் பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் பொத்தான் இருப்பதற்காக." மூன்றையும் ஒப்பிட்டு, சுலபமில்லாவிட்டாலும் ராட்சசனையே வாங்கலாம் என்று முடித்து, சேமித்த கோப்பையும் சாட்சிக்கு வைத்துச் செயலாளருக்கு அனுப்பினார். அரை மணியில் அது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அவர் தெருவில் நடந்தால் வணக்கத்துக்கு மேல் வணக்கம். "நேர்மைன்னா நீங்கதாம்மா" என்றார் செயலாளர். ஆடிட்டரம்மா அடக்கமாகத் தலையை ஆட்டினார். வீட்டில் மட்டும் ஏதோ சரியில்லை. அண்ணனின் ஃபோனில் அந்தக் குழுவைப் பார்த்திருந்த நாத்தனார் காலையில் படியில் சத்தமே இல்லாமல் இறங்கினாள். சாப்பிட உட்கார்ந்தாள், தட்டைப் பார்த்தாள், எழுந்துபோனாள். சத்தியத்தைக் காப்பாற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம்தான், ஆனால் நியாயம் நியாயம்தானே என்று ஆடிட்டரம்மா தனக்குத்தானே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டார். நிஜமாகவே நம்பியிருந்தால் ஒரு தடவை போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கூட்டம். அங்கே இன்னும் அழுத்தமாகக் காட்ட வேண்டும் என்று சனிக்கிழமை காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மூன்றாவதிலிருந்து எடுத்த குப்பையை ராட்சசனுக்குள் ஏற்றிக் காட்டினால், குப்பை அங்கேயும் போய் எப்படி நாறுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்களே! புதிதாக ஒரு கோப்பை எடுத்தார். ராட்சசனில் காலியான புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதைத் திறக்காமல் அப்படியே அதற்குள் ஏற்றினார். எந்தப் பத்திக்கு எது என்று அது கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

அறுபது சாமானும் உள்ளே வந்தன. முக்கால் இஞ்ச் கீல், முக்கால் இஞ்சாகவே. 0045, 0045 ஆகவே. பட்டைக் குறியீடு பதிமூன்று இலக்கமும் வரிசை தவறாமல்.

அறுபதையும் ஒவ்வொன்றாக விலைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு தப்பு இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தப்பு கிடைக்காமல் அவருக்கு வியர்த்தது. அதே கோப்பை நோட்பேடில் திறந்தார். அதில் கமாக்களுக்கு நடுவே 3/4 என்று அமைதியாக இருந்தது. மூன்று, ஒரு சாய்கோடு, நாலு.

பிறகு எக்செலில் ஒரு வெற்று அட்டவணையைத் திறந்து, ஒரு கட்டத்தில் தன் கையாலேயே 3/4 என்று தட்டி என்டர் அடித்தார். ஏப்ரல் மூன்று என்று மாறி நின்றது.

மென்பொருள் சரியாகத்தான் கொடுத்திருக்கிறது. இரண்டு தட்டு தட்டித் திறந்தபோது, இது நாலாம் மாதம் மூன்றாம் தேதி போல இருக்கிறதே என்று எக்செல் தானாகவே மாற்றியிருக்கிறது. அதைச் சேமித்தது அவர். சாட்சி என்று ஊருக்கே அனுப்பியதும் அவர். அச்சகத்தில் மூலப்பிரதியைப் பார்க்காமல் எழுத்துக் கோப்பவரைத் திட்டினால் மேலாளர் வேலையை விட்டே தூக்கியிருப்பார். அந்தப் பாலபாடத்தை அவர் இப்போது கோட்டை விட்டிருந்தார்.

கணவரிடம் சொன்னார். கணவர் ஒரு கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "திருத்தி எழுதிட்டாப் போச்சு. இதுக்கு ஏன் மூஞ்சி இப்படி ஆகுது?"

"எப்படிங்க எழுதுறது? வியாழக்கிழமை குப்பைன்னு எழுதினேன். ஞாயித்துக்கிழமை தங்கம்னு சொன்னா, வீட்டுல நாத்தனார் அழுது மாத்த வச்சிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"அவ அங்க வேலை செய்றது அவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னியே."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும். உன் பேரு கொஞ்சம் கெடும். எழுதலைன்னா அவ வேலை போகும். எது பெருசுன்னு நீயே பாரு. கணக்கு உன் டிபார்ட்மென்ட்." சொல்லிவிட்டுக் கைப்பிடியை இழுப்பறையில் போட்டு மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அறையில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். டீயும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன. செயலாளர், ராட்சசனை வாங்கத் தீர்மானம் எழுதித் தயாராக வைத்திருந்தார். ஆடிட்டரம்மா எழுந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இதை நான் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும், மறைச்சிட்டேன். அந்த மூணாவது கம்பெனியில என் நாத்தனார் வேலை செய்றா."

"தெரியுமே!" என்றது கூட்டம் ஒரே குரலில்.

ஆடிட்டரம்மா திகைத்துப் போனார்.

"போன மாசமே தெரியும்மா" என்றார் செருப்புக் கடைக்காரர். "அந்தப் பொண்ணு தினமும் கம்பெனிப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுத்தானே தெருவுல போகுது. பையில பேரு அவ்ளோ பெருசா இருக்கு."

செயலாளர் சொன்னார், "அதனாலதாம்மா நாங்க உங்க எழுத்தை அப்படியே நம்பினோம். சொந்த அண்ணியே பத்துக்கு ஒண்ணு போடுறாங்கன்னா, நிஜமாவே எவ்ளோ மோசமா இருக்கும்!"

ஆடிட்டரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நியாயமாக இருக்கிறோம் என்று காட்டப் போய், அவர் போட்ட ஒன்றுக்கு இரட்டை எடை கிடைத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் நல்லதாயிற்று, குரல் தெளிந்துவிட்டது.

"தப்பு மென்பொருள்ல இல்லை. என்கிட்ட. என் வார்த்தையை நம்ப வேண்டாம். செயலாளரே, நீங்க வாங்க. இந்தக் காலிக் கட்டத்துல மூணு, சாய்கோடு, நாலுன்னு தட்டுங்க."

சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் கணினித் திரை தெரிந்தது. செயலாளர் ஒற்றை விரலால் தட்டினார். 3/4. என்டர். ஏப்ரல் மூன்று.

"நான் ஏப்ரல் தட்டவே இல்லையே!" என்றார் செயலாளர், ஏதோ அவர் மேல் பழி வந்துவிட்டதைப் போல. அறை முழுக்கச் சிரிப்பு. ஆளாளுக்கு வந்து தட்டிப் பார்த்தார்கள். துணிக்கடைக்காரர் 007 என்று தட்டினார். வெறும் ஏழு வந்தது. பிறகு ஆடிட்டரம்மா மூன்றாவதிலிருந்து வந்த கோப்பை இரண்டு விதமாகத் திறந்து காட்டினார். இரண்டு தட்டில் திறந்தால் தேதி. எக்செலுக்குள்ளிருந்தே இறக்குமதி வழியாகப் போய், இந்தப் பத்தி வெறும் எழுத்து என்று சொல்லித் திறந்தால் முக்கால் இஞ்ச். ராட்சசனுக்குள் நேராக ஏற்றியதையும் காட்டினார்.

"இப்ப திருத்தின மார்க். சுலபத்துக்கு எட்டு, சரக்குத் திரும்பி வந்தா வரவு வைக்கிற இடத்தை ஒளிச்சு வச்சிருக்காங்க. உதவிக்குப் பத்து. தரவை வெளியே எடுக்கிறதுக்கு ஒன்பது. ஒண்ணு ஏன் குறைச்சேன்னா, எங்களை மாதிரி ஆளுங்க எல்லாரும் ரெண்டு தட்டு தட்டித்தான் திறப்போம். அந்தப் பொத்தான் பக்கத்துல ஒரு வரி எச்சரிக்கை எழுதி வச்சிருக்கணும், வைக்கலை. ராட்சசனும் நல்ல மென்பொருள்தான், கணக்குக்குன்னு தனி ஆள் வச்சிருக்கிற கடைக்குச் சரி. நான் அண்ணிங்கிறதைக் கழிச்சுப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

கழித்துப் பார்த்தார்கள் போலிருக்கிறது. மூன்றாவதுக்கு இருபத்தாறு கைகள் உயர்ந்தன. செயலாளர் தீர்மானத்தில் அடித்துத் திருத்தினார். அந்தத் திருத்தத்தில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது; ஆடிட்டரம்மா பார்த்தார், அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆடிட்டரம்மா மூச்சு வாங்க ஏறிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். ஏப்ரல் மூன்று, இருபத்தாறு கை, ஒன்பது மார்க் எல்லாம். நாத்தனார் கையில் இருந்த ஈரப் போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் முன்பக்கம் நனைந்தது.

"மன்னிச்சுக்கோ" என்றார் ஆடிட்டரம்மா. "மூணு நாளா நீ சாப்பிடாம எழுந்து போனப்பகூட எனக்கு உறைக்கலை. அந்தக் கோப்பைப் பார்த்ததுமே உனக்கு விஷயம் புரிஞ்சிருக்குமே. சத்தியமாவது மண்ணாவது, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புரிஞ்சுது அண்ணி. வாரத்துக்கு நாலு பேர் இதையே கேட்டுக் கூப்பிடுவாங்க. ரெண்டு நிமிஷ வேலை. வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை, நேத்து, ஒவ்வொரு தடவை ஃபோன் அடிக்கிறப்பவும் நீங்கதான்னு நினைச்சு எடுத்தேன். வாடிக்கையாளரா நீங்க கேட்டா சொல்றதுக்குச் சத்தியம் குறுக்கே வராதுல்ல? உதவிக்குப் பத்துக்குப் பத்து போட்டீங்க. நிஜமா உதவி தேவைப்பட்டப்ப ஏன் அண்ணி ஒரு தடவைகூடக் கூப்பிடல?"

ஆடிட்டரம்மா கொடியில் கோணலாகக் கிடந்த போர்வையை இழுத்து நேராக்கினார். ஒரு ஓரம் சரியானதும் மறு ஓரத்துக்குப் போனார். பிறகு, மறைத்தது போதும் என்று நினைத்து, உண்மையைச் சொன்னார்.

"பதில் கிடைச்சிடுமோன்னுதான்."